ரீல்ஸில் எழுத்து எங்கே மறைகிறது? ஒன்பதுக்குப் பதினாறு கட்டத்தில் ஒரு கணக்கு

நாளைய மின்தடை பற்றிய அறிவிப்பு ரீல்ஸாக வருகிறது. நேரம் தெரிகிறது. எந்தெந்தப் பகுதி என்ற வரி மட்டும், கணக்கின் பெயருக்கும் பின்னணிப் பாட்டின் பெயருக்கும் அடியில் புதைந்து கிடக்கிறது. கீழே கமெண்டில் ஒருவர் பின் ஒருவராக "எந்த ஏரியா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போட்டவருக்கு எரிச்சல்: "அதான் வீடியோவிலேயே இருக்கே!"

இருக்கிறதுதான். எடிட் செய்தபோது அவர் பார்த்த திரையில் அந்த வரிக்கு மேல் ஒன்றும் இல்லை. பார்ப்பவரின் திரையில் அதே இடத்தில் செயலி தன் பெயர்ப்பலகையை மாட்டி வைத்திருக்கிறது. இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது, எழுத்தை எங்கே வைத்தால் தப்பும், எந்த அளவில் வைத்தால் படிக்க முடியும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## மேலடுக்கு: உங்கள் படத்தின் மேல் செயலி போர்த்துவது

ரீல்ஸ், ஷார்ட்ஸ் போன்றவற்றுக்கான வீடியோ நெட்டுவாக்கில் 1080 பிக்சல் அகலம், 1920 பிக்சல் உயரம் கொண்டது. அகலமும் உயரமும் 9:16 விகிதத்தில் இருக்கும். இந்தச் செவ்வகம் முழுவதும் உங்களுடையது என்றுதான் எடிட் செயலி காட்டுகிறது.

பதிவேறிய பிறகு அதே செவ்வகத்தின் மேல் செயலி தன் சாமான்களை வைக்கிறது. வலது ஓரத்தில் லைக், கமெண்ட், ஷேர் பட்டன்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். இடது கீழ்ப்பகுதியில் கணக்கின் பெயர், பின்தொடரும் பட்டன், நீங்கள் எழுதிய கேப்ஷனின் முதல் வரி, பாட்டின் பெயர். மேலே தேடல் குறி, கேமரா குறி, அதற்கும் மேலே கைபேசியின் கடிகாரம், பேட்டரி. இவை எல்லாவற்றையும் சேர்த்து இங்கே மேலடுக்கு என்கிறேன்.

மேலடுக்கில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, அது ஒளி ஊடுருவுவது. உங்கள் எழுத்தை முழுக்க மறைக்காது. அதன் மேலேயே தன் எழுத்தை எழுதும். செயலியின் எழுத்து பெரும்பாலும் வெள்ளை, உங்களுடையதும் வெள்ளை. இரண்டு வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்போது இரண்டுமே படிக்க முடியாமல் போகின்றன. முழுக்க மறைந்திருந்தாலாவது பார்ப்பவர் தேடாமல் விட்டிருப்பார்.

இரண்டு, அதன் உயரம் நிலையானது அல்ல. கேப்ஷன் நீண்டால், இடத்தின் பெயர் சேர்ந்தால், கட்டண விளம்பரம் என்ற குறிப்பு வந்தால், கீழ்ப்பகுதி ஒவ்வொரு வரியாக மேலேறும். "போன வாரம் இதே இடத்தில் வைத்தேன், சரியாகத்தானே இருந்தது" என்று பலர் குழம்புவதற்குக் காரணம் இதுதான். போன வாரம் கேப்ஷன் சின்னதாக இருந்திருக்கும்.

கீழே எழுத்து போடும் பழக்கம் தொலைக்காட்சியிலிருந்து வந்தது. அங்கே திரையின் அடிப்பகுதி காலியாக இருந்தது. பெயர், ஊர், ஓடும் செய்தி எல்லாம் அங்கேதான் குடியிருந்தன. கைபேசியின் நெட்டு வீடியோவில் அதே அடிப்பகுதிதான் மிக நெரிசலான இடம்.

## இடம்: கட்டம் போட்டுப் பார்ப்பது

1080-ஐயும் 1920-ஐயும் 120-ஆல் வகுத்தால் 9-ம் 16-ம் கிடைக்கும். அதாவது ஃபிரேம் முழுவதையும் 120 பிக்சல் சதுரங்களாக, 9 பத்தி, 16 வரிசையாகப் பிரித்துவிடலாம். பிக்சல் எண்களை மனத்தில் வைப்பதைவிட "மேலிருந்து நாலாவது வரிசை" என்று நினைப்பது எளிது. இனி வரும் கணக்கெல்லாம் இந்தக் கட்டத்தில்தான்.

இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனம், ரீல்ஸ் விளம்பரம் தருவோருக்கு ஒரு வரம்பு சொல்கிறது: எழுத்தும் லோகோவும் மேலே 14 சதவீதம், கீழே 35 சதவீதம், இரு பக்கமும் 6 சதவீதம் விட்டு உள்ளே இருக்க வேண்டும். விளம்பரத்துக்குச் சொன்னது என்றாலும் சாதாரணப் பதிவுக்கும் இது நல்ல அளவுகோல். விளம்பரத்தின் கீழே கூடுதலாக ஒரு பட்டன் வரும் என்பதால் இது கடுமையான வரம்பு. கடுமையாக இருப்பது நமக்கு நல்லதுதான்.

இதைக் கட்டத்துக்கு மாற்றுவோம்.

1. மேலே 14 சதவீதம் என்பது 269 பிக்சல், அதாவது இரண்டே கால் வரிசை. முழு எண்ணாக 3 வரிசை விடுவோம்.

2. கீழே 35 சதவீதம் என்பது 672 பிக்சல், ஐந்தரை வரிசைக்குச் சற்று மேல். 6 வரிசை விடுவோம். ஃபிரேமில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத்துக்கு உதவாத இடம்; படத்துக்கு மட்டும்தான் என்று இதற்குப் பொருள். முதல்முறை கேட்பவர்கள் நம்ப மறுப்பது இந்த எண்ணைத்தான்.

3. பக்கங்களில் 6 சதவீதம் என்பது 65 பிக்சல், அரைப் பத்திதான். ஆனால் இங்கே முழுப் பத்தி விட வேண்டும். காரணம் கைபேசியின் வடிவம்.

மூன்றாவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இப்போது விற்கும் கைபேசிகள் பல 20:9 விகிதம் கொண்டவை; 1080-க்கு 2400 என்ற கணக்கு. 1920 உயரமுள்ள வீடியோவை அதில் போட்டால் 480 பிக்சல் உயரம் மிஞ்சும். மிஞ்சிய இடத்தில் செயலி தன் கீழ்ப்பட்டையை வைத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை. மாறாக, திரை முழுவதும் நிரம்ப வேண்டும் என்று வீடியோவைப் பெரிதாக்கினால், உயரம் 1920-லிருந்து 2400 ஆக, அதாவது ஒன்றேகால் மடங்காக வேண்டும். அகலமும் அதே மடங்கில் 1350 ஆகும். திரை 1080தான், எனவே இரு பக்கமும் வெட்டுப்படும். மூல வீடியோவின் அளவில் சொன்னால் பக்கத்துக்கு 108 பிக்சல் போய்விடும். நம் பத்தியின் அகலம் 120. ஆக, இடதும் வலதும் ஒரு முழுப் பத்தி விட்டால் இந்த வெட்டிலும் எழுத்து தப்பும்.

இப்போது மிஞ்சுவது என்ன? 2 முதல் 8 வரை ஏழு பத்திகள், 4 முதல் 10 வரை ஏழு வரிசைகள். ஏழுக்கு ஏழு, 840 பிக்சல் சதுரம். ஃபிரேமின் நடுவைவிடக் கொஞ்சம் மேலே உட்கார்ந்திருக்கும். எழுத்து எல்லாம் இந்தச் சதுரத்துக்குள். வலப்பக்கப் பட்டன்கள் பாதி உயரத்துக்குக் கீழே தொடங்கிவிடும் என்பதால், 9, 10 வரிசைகளில் மட்டும் எட்டாவது பத்தியையும் விட்டுவிடுவது நல்லது.

யூடியூப் ஷார்ட்ஸில் மேலடுக்கின் அளவு வேறு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வலப்பக்கப் பட்டன் வரிசையே கிடையாது. மேலே பெயரும் கோடும், கீழே பதில் எழுதும் பெட்டியும்தான். இலங்கை, மலேசியா, சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு டிக்டாக்கும் உண்டு. இந்தியாவில் அது 2020 ஜூன் மாதமே தடைசெய்யப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு வைத்துக்கொண்டு தனித்தனி கோப்பு தயாரிக்க யாருக்கும் நேரமில்லை. ஒரே கோப்பு எல்லா இடத்துக்கும் போகிறது என்றால், இருப்பதிலேயே கடுமையான வரம்பைப் பிடித்துக்கொள்வதே வழி.

### உங்கள் கைபேசியில் நீங்களே அளக்க

வரம்பு எண்களை நம்புவதைவிட அளந்து பார்ப்பது மேல். கணினியில் ffmpeg என்ற வீடியோக் கருவி இருந்தால், கட்டம் போட்ட ஆறு நொடி வீடியோவை இந்த ஒற்றைக் கட்டளை தயாரித்துவிடும்:

```
ffmpeg -f lavfi -i color=c=gray:s=1080x1920:d=6:r=30 -vf "drawgrid=w=120:h=120:t=3:c=white" -pix_fmt yuv420p kattam.mp4
```

ffmpeg தெரியாது என்றால் கவலை வேண்டாம். எந்தப் பட எடிட்டரிலும் 1080-க்கு 1920 படம் திறந்து 120 பிக்சலுக்கு ஒரு கோடு வரைந்து, அதை வீடியோவாக்கினால் போதும். ஷார்ட்ஸில் தனிப்பட்ட பதிவாகவோ, ஸ்டேட்டஸில் ஒரே ஒருவருக்கு மட்டும் தெரியும்படியோ போடுங்கள். பதிவேறியதும் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பட்டன்கள் எந்தப் பத்தியில் தொடங்குகின்றன, பெயர் எந்த வரிசையில் நிற்கிறது என்று கட்டத்தை எண்ணினாலே தெரியும். பக்கத்துக் கோடுகள் காணாமல் போயிருந்தால் செயலி வெட்டியிருக்கிறது என்று பொருள்.

கேப்ஷனை வேண்டுமென்றே நீளமாக எழுதிப் போட்டுப் பாருங்கள். மேலடுக்கு மேலேறுவது கண்ணுக்கு நேராகத் தெரியும்.

## அளவு: பிக்சலை மில்லிமீட்டராக்குவது

எழுத்தளவு பற்றிப் பேசும்போது நடக்கும் முதல் தவறு, எடிட் செயலி காட்டும் எண்ணை நம்புவது. ஒரு செயலியின் 40-ம் இன்னொன்றின் 40-ம் ஒன்றல்ல. பார்ப்பவர் கண்ணுக்கு முக்கியம், கையிலிருக்கும் கண்ணாடியில் அந்த எழுத்து எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான்.

6.5 அங்குல, 20:9 கைபேசியின் திரை அகலம் ஏறத்தாழ 68 மில்லிமீட்டர். 1080 பிக்சல் அகல வீடியோ அந்த 68 மில்லிமீட்டருக்குள் வருகிறது. வகுத்தால் 16 பிக்சல் ஒரு மில்லிமீட்டர். இந்த ஒரு கணக்கை நினைவில் வைத்தால் போதும். திரை 720 பிக்சல் கொண்ட மலிவுக் கைபேசியாக இருந்தாலும் இது மாறாது. திரையின் பிக்சல் குறைந்தாலும் அகலம் அதே 68தான். எழுத்தின் கூர்மை குறையுமே தவிர அளவு குறையாது.

இனி அச்சோடு ஒப்பிடலாம். அச்சகத்தில் சொல்லும் ஒரு பாயிண்ட் 0.35 மில்லிமீட்டர்.

36 பிக்சல் எழுத்து இரண்டேகால் மில்லிமீட்டர், அதாவது ஆறரைப் பாயிண்ட் கூட இல்லை. மருந்துப் பெட்டியின் ஓரத்தில் அச்சடிக்கும் எழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 64 பிக்சல் எழுத்து 4 மில்லிமீட்டர், பதினோரு பாயிண்ட். சாதாரணப் புத்தகத்தின் எழுத்து. 90 பிக்சல் என்றால் பதினாறு பாயிண்ட்.

புத்தகத்தை நிதானமாக உட்கார்ந்து படிக்கிறோம். ரீல்ஸைப் பேருந்தில் நின்றபடி, வெயிலில், கட்டைவிரல் அடுத்ததற்குத் தயாராக இருக்கும்போது படிக்கிறோம். அதனால் புத்தக அளவான 64-ஐ அடித்தளமாக வைப்பேன். அதற்குக் கீழே படிப்பதற்கென்று எதையும் எழுதுவதில்லை. முக்கியமான வரி 90-க்கு மேல்.

இந்தக் கணக்கு ஒரு செய்தித் துண்டுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். தொலைக்காட்சியின் அகலத்திரைக் காட்சி 1920 பிக்சல் அகலம். அதை அப்படியே நெட்டு ஃபிரேமின் நடுவில் வைத்தால் 1920 பிக்சலும் 68 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். 28 பிக்சல் ஒரு மில்லிமீட்டர் ஆகிவிடும். ஸ்டுடியோவில் 40 பிக்சலில் போட்ட ஓடும் செய்தி கைபேசியில் ஒன்றரை மில்லிமீட்டர் கூடத் தேறாது. சரி, பெரிதாக்கி ஃபிரேமை நிரப்புவோம் என்றால், அகலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். "முதல்வர் இன்று" என்ற வரி "ல்வர் இ" என்று நிற்கும், அதுவும் மேலடுக்குக்கு அடியில். இரண்டு வழியும் அடைபட்டிருக்கிறது. அந்த எழுத்தை நெட்டு ஃபிரேமுக்காக மறுபடி அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

## தமிழ் எழுத்துக்குக் கூடுதலாக ஒரு கணக்கு

ஆங்கில எழுத்தை வைத்துச் சொல்லப்படும் அளவுகளை அப்படியே தமிழுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. நம் எழுத்தில் பொருளை மாற்றும் உறுப்புகள் சின்னவை.

முதலில் புள்ளி. எழுத்தளவில் எட்டில் ஒரு பங்கு என்று வைத்தால், 36 பிக்சல் எழுத்தில் புள்ளி நாலரைப் பிக்சல். அது 720 பிக்சல் திரைக்குச் சுருங்கும்போது மூன்று பிக்சல். நடுவில் செயலி வீடியோவை மறுபடி அழுத்திச் சிறிதாக்குகிறது. அந்த அழுத்தத்தில் முதலில் கரைவது இப்படிப்பட்ட சின்னஞ்சிறு விவரங்கள்தான். புள்ளி போனால் 'கல்' 'கல' ஆகும். வாசகர் ஊகித்துக்கொள்வார் என்பது உண்மை. ஆனால் இரண்டு நொடி மட்டும் நிற்கும் வரியில் ஊகிக்கச் செலவாகும் நேரம், படிக்கும் நேரத்திலிருந்துதான் கழிகிறது.

அடுத்து சுழி. 'பணி'க்கும் 'பனி'க்கும் நடுவில் ஒரே ஒரு சுழிதான். "பராமரிப்புப் பணி" மங்கலாகத் தெரிந்தால் மக்கள் சூழலை வைத்துப் புரிந்துகொள்வார்கள். ஊர்ப்பெயரிலும் ஆள்பெயரிலும் சூழல் துணைக்கு வராது. 'எரி'க்கும் 'ஏரி'க்கும் வேறுபாடு ஒரு சின்ன வால். 'கொடு', 'கோடு' என்பதும் கொம்பின் மேல் ஒரு வளைவு.

இதிலிருந்து மூன்று விதிகள் வருகின்றன.

1. தடிமனை அளவோடு நிறுத்துங்கள். எழுத்துருவில் இருப்பதிலேயே தடித்ததைத் தேர்ந்தெடுத்தால் ண, ஞ போன்றவற்றின் உள்ளிடம் அடைபட்டுப் போகும். நடுத்தரத் தடிமனும் கூடுதல் அளவும் சேர்ந்ததே தமிழுக்கு ஏற்றது. மெல்லிய கோடுகள் வேண்டவே வேண்டாம்.

2. எழுத்தைச் சுற்றிக் கறுப்பு வரம்பு இழுக்காதீர்கள். ஆங்கிலத்தில் இது நன்றாக வேலை செய்வதால் எல்லா எடிட் செயலிகளும் இதைத் தயாராக வைத்திருக்கின்றன. தமிழில் அந்த வரம்பு சுழிக்குள் நுழைந்து நிரப்பும்; புள்ளியை எழுத்தோடு ஒட்டவைக்கும். 'ணீ' என்பதை ஒருமுறை தடித்த வரம்போடு அடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள், கறுப்பு உருண்டை ஒன்றுதான் தெரியும். பதிலாக எழுத்துக்குப் பின்னால் அரை இருட்டான ஒரு பட்டை வையுங்கள்.

3. வரிகளுக்கு நடுவில் ஒன்றரை மடங்கு இடம் விடுங்கள். மேல்வரியில் 'ளு', 'மூ' கீழே இறங்கும்; கீழ்வரியில் 'கீ', 'ணி' மேலே ஏறும். இடைவெளி குறைந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். 64 பிக்சல் எழுத்துக்கு ஒரு வரியின் மொத்த உயரம் 96.

தமிழ்ச் சொற்களின் நீளமும் ஒரு சிக்கல். சராசரியாக ஓர் எழுத்து வடிவம் எழுத்தளவில் முக்கால் பங்கு அகலம் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். எழுத்துருவுக்கு எழுத்துரு இது கொஞ்சம் மாறும். 64 பிக்சலில் ஒரு வடிவத்துக்கு 48 பிக்சல். நம் 840 பிக்சல் சதுரத்தில் ஒரு வரிக்கு 17 வடிவங்கள். இங்கே 'கோ' என்பது கொம்பு, க, கால் என மூன்று வடிவம், 'மை' இரண்டு. இந்தக் கணக்கில் 'நடைபெற்றுக்கொண்டிருக்கிறது' என்ற சொல் ஒரு வரியில் அடங்காது. அடங்காததைச் சில செயலிகள் கண்ட இடத்தில் வெட்டி அடுத்த வரிக்குத் தள்ளும். 'நடக்கிறது' என்று எழுதினால் வெட்ட வேண்டிய தேவையே இல்லை.

## ஒரு மின்தடை அறிவிப்பை எடுத்துப் பார்ப்போம்

வழக்கமாக வரும் வாசகம் இது:

"பராமரிப்புப் பணிகள் காரணமாக நாளை (வியாழக்கிழமை) காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை கீழ்க்கண்ட பகுதிகளில் மின்விநியோகம் நிறுத்தப்படும்."

பத்திரிகைக்கு இது சரியான வாக்கியம். இதை 36 பிக்சலில் ஃபிரேமின் 13, 14-ஆம் வரிசைகளில் வைத்து, அதற்குக் கீழே ஊர்ப்பெயர்களை அடுக்குவதுதான் நாம் பார்த்த ரீல்ஸ். இரண்டு குற்றங்களும் ஒன்றாக நடந்திருக்கின்றன: எழுத்து ஆறரைப் பாயிண்ட், இடம் மேலடுக்கின் மடியில்.

முதல் திருத்தமாக இதை அப்படியே நம் சதுரத்துக்குள் 64 பிக்சலில் வைத்துப் பார்ப்போம். வரிக்கு 17 வடிவம் என்றால், சொற்களை உடைக்காமல் அடுக்கும்போது ஏழு வரி வருகிறது. ஏழு வரி, வரிக்கு 96 பிக்சல், மொத்தம் 672. சதுரத்தின் உயரம் 840, ஆகவே அடங்குகிறது. ஆனால் ஊர்ப்பெயருக்கு இடமில்லை, ஏழு வரியையும் படிக்கப் பார்ப்பவருக்குப் பொறுமையும் இல்லை. அளவைச் சரிசெய்தால் மட்டும் போதாது, வாசகத்தையே குறைக்க வேண்டும் என்பது இந்த இடத்தில்தான் உறைக்கும்.

அறிவிப்பில் பார்ப்பவருக்கு வேண்டியவை மூன்று: என்ன, எப்போது, எங்கே. காரணம் கேப்ஷனுக்குப் போகட்டும்.

முதல் காட்சியில் இரண்டே வரி:

நாளை மின்தடை
காலை 9 – மாலை 5

முதல் வரியில் ஒன்பது வடிவமும் ஓர் இடைவெளியும். 110 பிக்சலில் ஏறத்தாழ 775 பிக்சல் அகலம் எடுக்கும், 840-க்குள் வந்துவிட்டது. கைபேசியில் ஏழு மில்லிமீட்டர் எழுத்து, கை நீட்டிப் பிடித்தாலும் தெரியும். இரண்டாவது வரியில் எண்களும் கோடும் சேர்ந்து கொஞ்சம் நீளம். 90 பிக்சலில் வைத்தால் 800 பிக்சல் அளவில் நிற்கும். இரண்டும் சேர்ந்து 5, 6, 7-ஆம் வரிசைகளுக்குள் அடங்குகின்றன. 'நாளை' என்பதை மறுநாள் பார்ப்பவர் தவறாகப் புரிந்துகொள்வார் என்பதால், கீழே 64 பிக்சலில் கிழமையும் தேதியும் ஒரு வரி.

அடுத்தடுத்த காட்சிகளில் ஊர்ப்பெயர்கள். ஒரு காட்சிக்கு நான்கு பெயருக்கு மேல் வேண்டாம், ஒரு வரிக்கு ஒரு பெயர், 80 பிக்சல். இடப்பக்கம் நேராக, இரண்டாவது பத்தியிலிருந்து தொடங்கட்டும். நடுவில் மையப்படுத்தினால் ஒவ்வொரு வரியும் வேறு இடத்தில் தொடங்கும். பட்டியலில் தன் ஊரைத் தேடுபவரின் கண் அலையும். ஒவ்வொரு காட்சியும் அதிலுள்ளதை நிதானமாக இரண்டு முறை வாய்விட்டுப் படிக்கும் நேரம் நிற்கட்டும்.

ஊர்ப்பெயர்கள் முழுவதையும் கேப்ஷனிலும் எழுதுங்கள். வீடியோவுக்குள் அடித்த எழுத்து வெறும் படம்தான்; பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் வசதியால் அதைப் படிக்க முடியாமல் போகலாம், தேடலிலும் அது அகப்படும் என்று நம்ப முடியாது.

முகப்புப் படத்தை மறந்துவிடக் கூடாது. இன்ஸ்டாகிராம் பக்கத்தில் பதிவுகள் அடுக்கித் தெரியும் இடத்தில், முன்பு சதுரமாக வெட்டிக் காட்டினார்கள். 2025 ஜனவரியில் அது 3:4 ஆனது. நம் கட்டத்தில் மேலே இரண்டு வரிசையும் கீழே இரண்டு வரிசையும் வெட்டுப்படும். ஏழுக்கு ஏழு சதுரம் இதில் முழுக்கத் தப்பிவிடுகிறது. சிக்கல் அளவில்தான். அங்கே வரிக்கு மூன்று படம் தெரிவதால் எல்லாமே மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும்; 110 பிக்சல் எழுத்தும் இரண்டேகால் மில்லிமீட்டர் ஆகிவிடும். முகப்புக்கு மட்டும் 180 பிக்சலில் "மின்தடை" என்ற ஒரே சொல் போதும்.

## நிறம் பற்றிச் சுருக்கமாக

வீடியோக் கோப்பு, ஒவ்வொரு பிக்சலின் வெளிச்சத்தையும் தனித்தனியாகச் சேமிக்கிறது. நிறத்தை மட்டும் நான்கு பிக்சலுக்கு ஒன்று என்று சேமித்து இடத்தை மிச்சம் பிடிக்கிறது. எனவே எழுத்துக்கும் பின்னணிக்கும் வேறுபாடு நிறத்தில் மட்டும் இருந்தால், எடுத்துக்காட்டாகப் பச்சை வயலின் மேல் சிவப்பு எழுத்து என்றால், விளிம்பு கசிந்து தெரியும். கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தாலும் எழுத்து தனித்துத் தெரிய வேண்டும், அதுதான் சோதனை. கறுப்பில் மஞ்சள், கறுப்பில் வெள்ளை இரண்டும் தாங்கும். கறுப்பில் நீலம் தாங்காது.

## பதிவேற்றும் முன் பார்க்க வேண்டியவை

1. கணினியில் எடிட் செய்பவர்கள், முன்னோட்டச் சன்னலை அளவுகோல் வைத்து ஏழு சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். பெரும்பாலான ஏமாற்றங்கள் இங்கேயே பிடிபடும்.

2. கைபேசியில் அந்த வீடியோவோடு ஒரு நாளிதழைப் பக்கத்தில் வையுங்கள். செய்தி எழுத்தைவிட உங்கள் சின்ன எழுத்து சின்னதாக இருந்தால் பெரிதாக்க வேண்டும்.

3. திரை வெளிச்சத்தைப் பாதியாக்கி, வாசலில் வெயிலில் நின்று, கை நீட்டிப் பாருங்கள்.

4. அதை அதுவரை பார்க்காத ஒருவரிடம் ஒரே ஒருமுறை ஓடவிட்டு, என்ன படித்தீர்கள் என்று கேளுங்கள். எழுதியவர் கண் சோதனைக்கு உதவாது. அதற்கு விடை ஏற்கெனவே தெரியும்.

இவ்வளவு செய்தும் தீராத இடம் ஒன்று உண்டு. பார்வை மங்கியவர்கள் கைபேசியின் எழுத்தளவைக் கூட்டி வைத்திருப்பார்கள். வீடியோவுக்குள் அடித்த எழுத்து அதனால் ஒரு துளியும் பெரிதாகாது. செயலியின் சொந்த எழுத்து, அந்த அமைப்பை மதிக்கும் செயலிகளில், பெரிதாகும். அதாவது எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்று கேட்டவரின் திரையில்தான் மேலடுக்கு இன்னும் உயரமாக ஏறி, வீடியோவின் எழுத்தை அதிகம் மறைக்கிறது. வீட்டில் பெரியவர்களின் கைபேசி அப்படி இருந்தால், கட்டம் போட்ட வீடியோவை அதிலும் ஒருமுறை திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கீழே விட்ட ஆறு வரிசை அங்கே போதவில்லை என்றால், ஊர்ப்பெயர் பட்டியலை இன்னும் ஒரு வரிசை மேலே ஏற்றிவிட வேண்டியதுதான்.